மிகச்சிறிய நீளமுள்ள தீர்வு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே கணக்கைச் சுற்றியவை: சமன்பாடுகள் குறைவு, மாறிகள் அதிகம், தீர்வுகள் எண்ணற்றவை. அவற்றில் நீளம் குறைந்ததை லக்ராஞ்ச் பெருக்கியால் பிடிக்க வேண்டும். எல்லாப் பதில்களுக்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்கிறேன்:

```
x + y     = 4
    y + z = 5
```

கேள்வி: படிகளை ஒருமுறை முழுதாகப் போட்டுக் காட்டுங்கள். λ வந்த பிறகு என்ன செய்வது என்று குழம்புகிறது.

நீளத்தை நேரடியாக எடுத்தால் வர்க்கமூலம் தொல்லை தரும். அதனால் நீள வர்க்கத்தில் பாதியைச் சிறிதாக்குகிறோம். விடை மாறாது. கெழுக்களின் அணி A, வலப்பக்க எண்கள் b, மூன்று மாறிகளையும் சேர்த்த திசையன் x என்று கொண்டு, ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் ஒரு λ கொடுத்து எழுதுங்கள்:

```
L = ½ xᵀx + λᵀ(b − Ax)
```

x-ஐப் பொறுத்து வகையிட்டுப் பூச்சியமாக்கினால் x = Aᵀλ. இதை Ax = b-இல் போட்டால் AAᵀλ = b. நம் எடுத்துக்காட்டில் AAᵀ என்பது 2×2 அணி. மூலைவிட்டத்தில் 2, 2, மற்ற இரண்டு இடங்களில் 1, 1. ஆக 2λ₁ + λ₂ = 4, λ₁ + 2λ₂ = 5. தீர்த்தால் λ₁ = 1, λ₂ = 2.

நீங்கள் நின்றுவிட்ட இடம் இதுதான். λ விடையல்ல, விடையைக் கட்டும் எடை. முதல் நிரை (1, 1, 0)-ஐ 1 மடங்கும், இரண்டாம் நிரை (0, 1, 1)-ஐ 2 மடங்கும் எடுத்துக் கூட்டுங்கள்: (1, 3, 2). அதுதான் தீர்வு. 1 + 3 = 4, 3 + 2 = 5. நீள வர்க்கம் 14. z = 0 என்று வைத்துத் தீர்த்தால் (−1, 5, 0) வரும்; அதன் நீள வர்க்கம் 26.

இன்னொரு சரிபார்ப்பும் கையோடு கிடைக்கிறது. மேலே எழுதிய வடிவத்தில் λᵀb எப்போதும் நீள வர்க்கத்துக்குச் சமம். இங்கே 1×4 + 2×5 = 14. இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் எங்கோ கூட்டலில் தவறியிருக்கிறீர்கள்.

கேள்வி: எனக்கு λ = (−2, −4) என்று வருகிறது. புத்தகத்தில் (1, 2). யார் சொல்வது சரி?

இரண்டும் சரி. நீங்கள் ½ போடாமல் xᵀx + λᵀ(Ax − b) என்று தொடங்கியிருக்கிறீர்கள். அப்போது x = −½Aᵀλ. அதில் உங்கள் λ-வைப் போட்டாலும் (1, 3, 2)தான் வரும். ஒரு வடிவத்தில் λ கண்டுபிடித்து, இன்னொரு வடிவத்தின் சூத்திரத்தில் போடுவதுதான் தவறு. அப்படிச் செய்தால் (−2, −6, −4) வரும். A-ஆல் பெருக்கினால் b-க்குப் பதில் அதன் −2 மடங்கு கிடைக்கும். Ax, b-க்குப் பதில் அதன் ஏதோ ஒரு மடங்காக வந்தால் காரணம் அநேகமாக இந்தக் கலப்புதான்.

கேள்வி: (1, 3, 2) சிறுமம் என்பதற்கு என்ன உத்தரவாதம்? பெருமமாகவோ சேணப் புள்ளியாகவோ இருக்கக் கூடாதா?

கூடாது. மற்ற எந்தத் தீர்வும் (1, 3, 2) + t(1, −1, 1) என்ற வடிவில்தான் இருக்கும். இரண்டு திசையன்களையும் புள்ளிப் பெருக்கல் செய்யுங்கள்: 1 − 3 + 2 = 0. செங்குத்து. எனவே நீள வர்க்கம் 14 + 3t². t = 0 தவிர எங்கு போனாலும் கூடும்.

கேள்வி: x = (AᵀA)⁻¹Aᵀb என்று போட்டேன். ஒரு கணக்கில் `Singular matrix` என்று நின்றுவிடுகிறது, இன்னொன்றில் மிகப் பெரிய எண்கள் வருகின்றன. மென்பொருளில் கோளாறா?

மென்பொருளில் எதுவும் இல்லை. சூத்திரத்தை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வி வேறு வேறு உருவத்தில் திரும்பத் திரும்ப வருகிறது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் எழுதியது சமன்பாடுகள் அதிகமாகவும் மாறிகள் குறைவாகவும் இருக்கும் கணக்குக்கான மீச்சிறு வர்க்கச் சூத்திரம். அங்கே பொதுவாகத் தீர்வே இல்லை, பிழையைக் குறைக்கிறோம். இங்கே தீர்வுகள் குவிந்து கிடக்கின்றன, நீளத்தைக் குறைக்கிறோம். கேள்வி வேறு, அணி வேறு.

நம் எடுத்துக்காட்டில் AᵀA போட்டுப் பாருங்கள்:

```
1  1  0
1  2  1
0  1  1
```

முதல் நிரையையும் மூன்றாம் நிரையையும் கூட்டினால் நடு நிரை வந்துவிடுகிறது. அணிக்கோவை பூச்சியம், நேர்மாறு கிடையாது. இது இந்த எண்களின் துரதிர்ஷ்டம் அல்ல. A-இன் தரம் 2-ஐத் தாண்டாது, AᵀA-இன் தரமும் தாண்டாது, ஆனால் அது 3×3 அணி. மாறிகள் சமன்பாடுகளைவிட அதிகமாக இருக்கும்வரை எந்த எண்ணைப் போட்டாலும் இதே கதிதான்.

அப்படியானால் சில சமயம் ஏன் ஏதோ விடை வருகிறது? நம் எடுத்துக்காட்டு போன்ற எளிய முழு எண்களில் பூச்சியம் பூச்சியமாகவே தெரியும். 0.1, 0.7 போன்ற தசமங்கள் வந்தால் கணினி 16 இலக்கம் அளவில் முழுமையாக்கும்போது அணிக்கோவை சரியாகப் பூச்சியம் ஆகாமல் துளியளவு மிஞ்சும். மென்பொருள் அதை நம்பி வகுக்கிறது. நீங்கள் பார்த்த பெரிய எண்கள் அந்த மிச்சத்தால் வகுத்ததன் விளைவு. பிழைச்செய்தி வந்த கணக்கு உங்களைக் காப்பாற்றியது. எண் வந்த கணக்குதான் ஆபத்தானது.

இன்னும் அடிப்படையான ஒன்று. AᵀAx = Aᵀb என்ற சமன்பாட்டை (1, 3, 2) நிறைவேற்றும், (−1, 5, 0)-வும் நிறைவேற்றும், Ax = b-க்கான எல்லாத் தீர்வுகளும் நிறைவேற்றும். நீளத்தைப் பற்றி அந்தச் சமன்பாடு எதுவுமே கேட்பதில்லை. பிறகு அது எப்படிக் குட்டையானதைத் தேர்ந்தெடுத்துத் தரும்?

சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம், λ-க்களை எண்ணுங்கள். சமன்பாட்டுக்கு ஒரு λ. எனவே தீர்க்க வேண்டிய அணியின் பக்கம் சமன்பாடுகளின் எண்ணிக்கை. 3 சமன்பாடு, 1000 மாறி என்றால் கையில் 3×3 அணி இருக்க வேண்டும். 1000×1000 அணி இருந்தால் தவறான பக்கம் பெருக்கிவிட்டீர்கள். அந்த நிமிடமே நிறுத்துங்கள். விடை எதுவாக வந்தாலும் Ax பெருக்கி b வருகிறதா என்று பாருங்கள். இதை இன்னும் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

கேள்வி: MATLAB-இல் `A\b` கொடுத்தேன். Ax = b சரியாக வருகிறது, ஆனால் லக்ராஞ்ச் விடையோடு ஒத்துப்போகவில்லை.

`A\b` இப்படிப்பட்ட கணக்கில் குட்டையான தீர்வைத் தருவதில்லை. பூச்சியங்கள் உள்ள ஒரு தீர்வைத் தரும். `lsqminnorm(A,b)` அல்லது `pinv(A)*b` கொடுங்கள். NumPy-இல் `np.linalg.lstsq` நேரடியாகக் குட்டையானதையே தரும்.

கேள்வி: AAᵀ-ஐத்தான் போட்டேன். A-இன் நிரைகள் (1, 1, 0), (1, 1, 0.00000001). அப்படியும் `Singular matrix`. இரண்டு நிரைகளும் வேறு வேறுதானே?

வேறுதான், ஆனால் கிட்டத்தட்ட இணை. AAᵀ-இன் கடைசி உறுப்பு 2 + 10⁻¹⁶. இரட்டைத் துல்லியத்தில் 2-க்கு அடுத்த எண் சுமார் 4×10⁻¹⁶ தள்ளி இருப்பதால், அது வெறும் 2 ஆகிவிடுகிறது. நான்கு உறுப்புகளும் 2, அணிக்கோவை பூச்சியம். A-இல் பத்திரமாக இருந்த தகவல் AAᵀ பெருக்கும்போது வர்க்கமாகித் தொலைந்துவிட்டது.

பெருக்காமல் இருப்பதே வழி. Aᵀ-ஐ QR ஆகப் பிரியுங்கள்:

```python
Q, R = np.linalg.qr(A.T)
x = Q @ np.linalg.solve(R.T, b)
```

இதுவும் அதே லக்ராஞ்ச் விடைதான். நிரைகளின் வெளியிலேயே x-ஐக் கட்டுகிறது. b = (2, 2.00000001) என்றால் உண்மை விடை (1, 1, 1). இந்த வழியில் z ஏழெட்டு இலக்கம் வரை சரியாக வரும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். b-ஐச் சேமிக்கும்போதே அவ்வளவு இலக்கம்தான் மிஞ்சுகிறது.

நிரைகள் நன்றாக விலகியிருந்தால் AAᵀ போதும். அப்போதும் நேர்மாறு எடுக்காதீர்கள், `solve` கொடுங்கள்.

கேள்வி: மூன்றாவதாக x + 2y + z = 9 சேர்த்தேன். கணக்கு நின்றுவிட்டது.

அது முதல் இரண்டின் கூட்டல். புதிதாக எதுவும் சொல்லவில்லை. λ-க்கள் ஒருமையாக வராது; ஆனால் x அதே (1, 3, 2). ஒரு நிரையை நீக்கிவிடுங்கள். வலப்பக்கம் 10 என்று எழுதியிருந்தால் தீர்வே கிடையாது, எந்தப் பெருக்கியும் உதவாது.

கேள்வி: விடையில் குறை எண் வருகிறது. என் மாறிகள் அளவுகள், குறை ஆகக் கூடாது. பூச்சியமாக்கிவிடலாமா?

கூடாது. நம் அணியிலேயே b = (1, 5) என்றால் (−1, 2, 3) வரும். −1-ஐ 0 ஆக்கினால் x + y = 2; சமன்பாடு உடைந்துவிட்டது. x ≥ 0 என்பது இன்னொரு கட்டுப்பாடு, அதையும் கணக்குக்குள் சேர்க்க வேண்டும். இங்கே நகர்த்த t ஒன்றே இருப்பதால் (−1, 2, 3) + t(1, −1, 1)-இல் t-ஐ நகர்த்தினால் போதும்: குறை இல்லாத முதல் இடம் t = 1, விடை (0, 1, 4). பெரிய கணக்குக்கு இருபடி நிரலாக்கம் வேண்டும்.

கேள்வி: ஒரு மாறி மீட்டரில், மற்றது மில்லிமீட்டரில் இருக்கிறது. நீளம் என்றால் என்ன அர்த்தம்?

அர்த்தம் இல்லை, கேட்டது நல்லது. அலகை மாற்றினால் "மிகச்சிறிய" தீர்வும் மாறிவிடும். முதலில் ஒரே அலகுக்குக் கொண்டுவாருங்கள், அல்லது ஒவ்வொரு மாறிக்கும் எடை கொடுத்து, அந்த எடைகளை மூலைவிட்டத்தில் வைத்த அணி W-ஆல் xᵀWx-ஐச் சிறிதாக்குங்கள். அப்போது x = W⁻¹Aᵀλ, தீர்க்க வேண்டியது AW⁻¹Aᵀλ = b. உதாரணமாக x + 2y + 2z = 9-க்கு எடை இல்லாமல் (1, 2, 2). y-க்கு மட்டும் எடை 4 கொடுத்தால் (1.5, 0.75, 3). y சுருங்கி மற்றவை ஈடுகட்டுகின்றன.

கேள்வி: "எனக்கு விடை தவறாக வருகிறது, உதவுங்கள்."

A எங்கே? b எங்கே? வந்த விடை எது? மூன்றையும் எழுதி அனுப்புங்கள், கூடவே Ax பெருக்கினால் என்ன வந்தது என்பதையும்.

கேள்வி: λ-வுக்குத் தனியாக ஏதாவது பயன் உண்டா, வெறும் இடைப்படியா?

உண்டு. b-இல் ஓர் எண்ணைக் கொஞ்சம் கூட்டினால் ½ நீள வர்க்கம் எவ்வளவு கூடும் என்பதை அதற்குரிய λ சொல்கிறது. நம் கணக்கில் λ₂ = 2. 5-ஐ 5.1 ஆக்கினால் சுமார் 0.2 கூட வேண்டும். போட்டுப் பார்த்தால் 7 என்பது 7.203 ஆகிறது. λ₁ பாதிதான், எனவே முதல் சமன்பாட்டை அதே அளவு நகர்த்தினால் சுமார் 0.1 மட்டுமே கூடும். ½ போடாமல் எழுதியவர்கள் இந்த வாசிப்பில் இரண்டு மடங்கையும் குறியையும் கவனித்துக்கொள்ளுங்கள்.