முடக்கப்பட்ட வாலட்டில் நிற்கும் பணம்: கேள்வி பதில்

தங்கச்சிமடம், கருவாட்டு வியாபாரி: ஐயா, கேஒய்சி முடித்த வாலட்டைச் சந்தேகப் பரிவர்த்தனை என்று மூடிவிட்டார்கள். 9,400 ரூபாய் உள்ளே நிற்கிறது. 6,000 நான் வங்கியிலிருந்து போட்டது, 2,900 கருவாடு விற்றது, 500 கேஷ்பேக். அவ்வளவுதானா?

பதில்: இல்லை. கேஒய்சி முடித்த வாலட்டை மூடினால் மீதித் தொகையை உங்கள் வங்கிக் கணக்குக்கு மாற்றிக்கொள்ள ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. முடக்கியது நிறுவனமா, காவல்துறை உத்தரவா என்பதை முதலில் மின்னஞ்சலில் கேளுங்கள்; வழி அதைப் பொறுத்தே பிரிகிறது.

நிறுவனம் தானாக மூடியிருந்தால், வாலட்டில் பதிவு செய்த கைபேசி எண், மூடியதாக வந்த செய்தி, 6,000 போன வரிகள் தெரியும் வங்கிக் கணக்கு அறிக்கை, உங்கள் பெயருள்ள ரத்து செய்த காசோலை ஆகியவற்றை அனுப்பிப் புகார் எண் வாங்குங்கள். நிராகரித்தாலோ, 30 நாளில் பதில் வராவிட்டாலோ, cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். கேஷ்பேக் 500 அவர்கள் நிபந்தனைக்கு உட்பட்டது; அதற்காக 8,900 ரூபாயைத் தாமதப்படுத்தாதீர்கள். முக்கியமாக, அந்த சிம்மைக் கைவிடாதீர்கள். ஓடிபி அதற்குத்தான் வரும்.

காவல்துறை முடக்கம் என்றால், உங்களுக்குப் பணம் அனுப்பிய யாரோ மோசடிப் பணத்தை அனுப்பியிருக்கலாம். அப்போது நிறுவனத்தால் விடுவிக்க முடியாது. புகார் எண்ணையும் காவல் நிலையத்தையும் கேட்டு வாங்கி, எடைச் சீட்டு, பார்சல் ரசீதுடன் விசாரணை அதிகாரிக்கு எழுதுங்கள். சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடக் கேளுங்கள்.

கீழக்கரை வாசகர்: மூடினால் பணம் தானாக வங்கிக்கு வந்துவிடுமே, காத்திருந்தால் போதாதா?

பதில்: உரிமை இருக்கிறது, ஆனால் காத்திருப்பதை நம்ப வேண்டாம். முழு கேஒய்சி இல்லாத சிறு வாலட்டில் பணம் எங்கிருந்து போடப்பட்டதோ அங்கேயே திரும்பும். அந்த வங்கிக் கணக்கை நீங்கள் மூடியிருந்தால் முன்கூட்டியே எழுதிச் சொல்லுங்கள்.

பாம்பன், மீன்பிடி வீடியோ போடுபவர்: அண்ணா, வீடியோவில் வரும் விளம்பரத்துக்குக் கூகுள் பணம் தரும் என் ஆட்சென்ஸ் கணக்கை முடக்கிவிட்டார்கள். 140 டாலர் இருந்தது. ரிசர்வ் வங்கியிடம் போகலாமா?

பதில்: தம்பி, அது வாலட் இல்லை, ஒப்பந்த வருமானம். செல்லாத கிளிக்குகளுக்காக முடக்கியிருந்தால் கொடுக்காத தொகையை நிறுத்திவைப்பார்கள். இயன்றவரை விளம்பரதாரருக்கே திருப்புவார்கள். மேல்முறையீட்டுப் படிவம்தான் வழி. பார்வையாளர் எங்கிருந்து வந்தார்கள், யாராவது கிளிக் செய்யச் சொன்னீர்களா என்பதை மறைக்காமல் எழுதுங்கள்.

தொண்டி வாசகி: முடங்கிய வாலட் பணத்தை எடுத்துத் தர எனக்குத் தெரிந்தவர் 800 ரூபாய் கேட்கிறார். நிறுவனத்துக்குள்ளே ஆள் இருக்கிறாராம்.

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. குறைதீர்ப்பாளர் கட்டணமே வாங்குவதில்லை. ஏற்கெனவே ஓடிபி சொல்லியிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

தங்கச்சிமடம் வியாபாரி: ஐயா, காவல்துறை முடக்கம்தானாம். வேறு மாநில நிலையம். எனக்கு அந்த மொழி தெரியாது.

பதில்: ஆங்கிலத்தில் எழுதி, நகலை நம் மாவட்ட சைபர் குற்றப் பிரிவிலும் கொடுங்கள். எப்போது விடுவார்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. விசாரணை அதிகாரி பதில் தராவிட்டால் வழக்கறிஞர் வழியாக நீதிமன்றத்தை அணுக வேண்டியிருக்கும்.