நிஃப்டி ஏறியும் என் புல் கால் ஸ்ப்ரெட்டில் லாபம் ஏன் நகரவே மாட்டேன் என்கிறது? இரண்டு ஸ்ட்ரைக்குக்கும் நடுவே டெல்டாவும் தீட்டாவும் எப்படி மாறும்?

எக்ஸ்பைரிக்கு ஒரு வாரம் இருக்கும்போது வாங்கியிருப்பீர்கள், இப்போது விலை இரண்டு ஸ்ட்ரைக்குக்கும் நடுவில் நிற்கும் என்று வைத்துக்கொள்கிறேன். ஏனென்றால் இதே நிலையில்தான் என் மாமா பையன் போன் செய்து, "அண்ணா, டெபிட் ஸ்ப்ரெட்டாச்சே, தீட்டா தின்னுடும், வெளியே வந்துடு" என்றான். நான் வரவில்லை. பிடிவாதம் இல்லை, கணக்கு அப்படி.

நான் எடுத்தது 24,000 கால் வாங்கி 24,200 கால் விற்றது. ஏழு நாள் பாக்கி, நிஃப்டி 24,000-ஐ ஒட்டி. ஐவி 12 சதவீதத்திலேயே நின்றதாக வைத்து, எண்களைச் சற்று முழுமையாக்கிச் சொல்கிறேன். ஸ்ப்ரெட்டின் விலை 80 புள்ளி. வாங்கிய காலின் டெல்டா 0.5, விற்றதன் டெல்டா 0.31. மிச்சம் 0.19. நிஃப்டி 100 புள்ளி ஏறினால் உங்கள் கைக்கு வருவது 20 புள்ளிதான். உங்கள் லாபம் நகராததற்குப் பாதிக் காரணம் இதுவே. நாள் நிறைய இருக்கும்போது இரண்டு கால்களும் ஒன்றாகவே ஏறி இறங்கும். அதனால் 24,000-ல் நின்றாலும் 24,200-ல் நின்றாலும் டெல்டா 0.2 பக்கமே கிடக்கும்.

மீதிக் காரணம் தீட்டா. எந்த ஸ்ட்ரைக் நிஃப்டி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அந்த ஆப்ஷன்தான் நாளுக்கு அதிகம் கரையும். நிஃப்டி 24,000-ல் இருந்தால் வேகமாகக் கரைவது நீங்கள் வாங்கியது, எனவே நஷ்டம். 24,200-ல் இருந்தால் வேகமாகக் கரைவது நீங்கள் விற்றது, எனவே லாபம். நட்டநடுவில், அதாவது 24,100-ல், இரண்டும் ஏறக்குறைய சமமாகக் கரைவதால் தீட்டா பூஜ்யம். அங்கே ஸ்ப்ரெட் 100 புள்ளி. ஏழு நாள் இருந்தாலும் ஒரு நாள் இருந்தாலும் அதே 100 தான். மாமா பையன் போன் செய்தபோது நான் நின்றது இந்த இடத்தில். தின்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

பிறகு நிஃப்டி 24,200-ஐத் தொட்டது. இரண்டு நாள் பாக்கியில் அந்த இடத்தில் ஸ்ப்ரெட் 135. மறுநாளும் விலை அசையாமல் நின்றால் 146. எதுவும் நடக்காமலே 11 புள்ளி. கடைசி நாளும் அப்படியே நின்று முடிந்தால் முழு 200. ஆனால் அந்த ஒரு நாள் பாக்கியில் டெல்டாவும் 0.4 ஆகியிருக்கும், நடுவில் 0.5-ஐத் தொடும், கடைசி மணி நேரத்தில் ஸ்ட்ரைக்குகளுக்கு நடுவில் 1-ஐ நெருங்கும். நிஃப்டி 50 புள்ளி சறுக்கினால் 146 என்பது 124 ஆகிவிடும். மேல் ஸ்ட்ரைக்கில் கிடைக்கும் தீட்டா இந்த ஆபத்துக்கான கூலி. நான் 146 பக்கத்தில் விற்றுவிட்டு வந்தேன்.

"ஸ்க்யூவை விட்டுவிட்டாய், வட்டியை விட்டுவிட்டாய்" என்று யாராவது வருவார்கள். உண்மைதான், அவற்றால் பூஜ்யப் புள்ளி கொஞ்சம் தள்ளிப்போகும். நடுவை ஸ்பாட்டை வைத்துப் பார்க்காமல் ஃப்யூச்சர்ஸை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் சரியாக வரும். ஐவி மாறினாலும் நடுவில் பாதிப்பு குறைவு. இதைப் படித்துவிட்டு யாரும் டிரேடிங்கில் இறங்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எஃப் அண்ட் ஓ-வில் தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக 2024-ல் செபி ஆய்வே சொன்னது.

என் கோபம் வேறு. என் மாமா பையன் பெரிய தொகை கட்டி ஒரு வகுப்புக்குப் போனான். அங்கே சொல்லிக்கொடுத்தது: "டெபிட் என்றால் தீட்டா எதிரி, கிரெடிட் என்றால் நண்பன்." அதே 24,000 புட் வாங்கி 24,200 புட் விற்றால் அது கிரெடிட் ஸ்ப்ரெட். நிஃப்டி ஆப்ஷன் ஐரோப்பிய வகை, எக்ஸ்பைரியில்தான் தீரும். அதனால் இந்த இரண்டு ஸ்ப்ரெட்டின் டெல்டாவும் தீட்டாவும் கிட்டத்தட்ட ஒன்றே. நிஃப்டி 24,000-ல் நின்றால் அந்தக் கிரெடிட்காரருக்கும் தினமும் கரையும். கையில் முதலில் காசு வந்ததால் நேரம் அவர் பக்கம் வந்துவிடாது. சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த பணத்தை வாங்கிக்கொண்டு இப்படியா சொல்லிக்கொடுப்பது? அந்தப் பையன் ஃபீஸைத் திருப்பிக் கேட்டபோது வாட்ஸ்அப் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஃப்யூச்சர்ஸ் விலை உங்கள் இரண்டு ஸ்ட்ரைக்கின் நடுவுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மேலே என்றால் காத்திருக்கக் காசு கிடைக்கிறது. கீழே என்றால் ஒவ்வொரு நாளும் நீங்கள் கொடுக்கிறீர்கள், அதுவும் கடைசி இரண்டு நாளில் பல மடங்கு.