காசு நாலும் கைவிடாத துணையும்: சுங்கை சிப்புட் அக்காவிடம் கேள்வி பதில்

இன்றைக்கு ஒரே டாரோ சீட்டு, ஃபோர் ஆஃப் பென்டகிள்ஸ். நான் காசு நாலு என்றே சொல்லிப் பழகியவள், அப்படியே எழுதுகிறேன். என் கையில் இருப்பது ரைடர்-வெயிட் கட்டு, 1909இல் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தது. வேறு கட்டு வைத்திருப்பவர்கள் அதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். ஒரே கேள்விக்கு ஒரே நாளில் இரண்டாவது தடவை சீட்டு எடுக்காதீர்கள், இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

"அக்கா, வீட்டுக்காரர் ஒரு அன்பான வார்த்தை பேசமாட்டார். என் சம்பளக் கார்டும் அவரிடம்தான். ஐந்து சீட்டு எடுத்தேன். நான்: குவீன் ஆஃப் கப்ஸ். அவர்: காசு நாலு. எங்கள் நடுவில்: சிக்ஸ் ஆஃப் பென்டகிள்ஸ். வேர்: ஃபைவ் ஆஃப் பென்டகிள்ஸ். நான் செய்யக்கூடியது: ஜஸ்டிஸ். அவருக்கு என்மேல் பாசம் இருக்கிறதா?" (தடிகா ஆசிரியை, லிந்தாங்)

தங்கச்சி, முதலில் படத்தை ஒரு தடவை உடம்பால் செய்து பார். சமையலறையிலிருந்து நாலு தட்டு எடுத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார். ஒன்றைத் தலைமேல் வை, ஒன்றை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொள், மீதி இரண்டையும் ஆளுக்கொரு பாதத்தின் கீழ் வைத்து அழுத்து. இப்போது யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க முடியாது, தலைத்தட்டு விழும். எழுந்தால் காலடித் தட்டு போய்விடும். பிள்ளை ஓடி வந்தாலும் தூக்க முடியாது, கை காலி இல்லை. அந்தக் கிரீடம் வைத்த ஆள் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறான், ஊர் முழுக்க அவன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. பாசம் இருக்கிறதா இல்லையா என்று இந்தச் சீட்டு சொல்லாது. இருந்தாலும் அது வெளியே வர வழி அடைத்துக் கிடக்கிறது என்று மட்டும் சொல்லும்.

அப்புறம் பக்கத்துச் சீட்டுகள். நாலு, ஐந்து, ஆறு மூன்றுமே காசு வரிசையில் ஒரே விரிப்பில் வந்திருக்கின்றன, அதைக் கவனி. வேரில் ஐந்து. பனியில் இரண்டு ஏழைகள், ஒருவர் ஊன்றுகோலோடு, வெளிச்சம் எரிகிற கோயில் ஜன்னலுக்குக் கீழே நடந்து போகிறார்கள், உள்ளே போகவில்லை. அதனால்தான் உன்னிடம் தனியாகக் கேட்டேன், சின்ன வயதில் அவர் குடும்பம் வீட்டை விட்டு வெளியேற வேண்டி வந்ததா என்று. தோட்டம் தாமான் ஆனபோது இரண்டு வருடம் அத்தை வீட்டு அடுப்படியில் படுத்தோம் என்று அவர் ஒரே ஒரு தடவை சொன்னதாக எழுதினாய். ஐந்தில் நடந்தவர் நாலில் வந்து உட்கார்ந்திருக்கிறார். எண் வரிசைக்கு இது பின்னோக்கிப் போவது, ஆனால் மனிதர்கள் அப்படித்தான் போகிறார்கள்.

நடுவில் ஆறு. படத்தில் ஒரு வணிகர், ஒரு கையில் தராசு, மறு கையால் காசு போடுகிறார், வாங்குகிறவர்கள் மண்டியிட்டிருக்கிறார்கள். உன் வீட்டுக்காரர் கொடுக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. உன் மோட்டாருக்கு எண்ணெய் போட்டு டயரில் காற்றுப் பார்த்து வைக்கிறார் என்று நீயே எழுதினாய். ஆனால் அளந்து கொடுக்கிறார், வாங்கும்போது நீ குனிய வேண்டியிருக்கிறது, அங்கேதான் உனக்கு வலிக்கிறது. உன் சீட்டையும் பார். குவீன் ஆஃப் கப்ஸ் கையில் இருக்கும் கிண்ணம் மூடி போட்டது, அந்த வரிசையில் வேறு எந்தக் கிண்ணமும் அப்படி மூடியிருக்காது. நீயும் இத்தனை வருடம் வாய் திறந்து கேட்கவில்லை.

ஜஸ்டிஸ் கையிலும் தராசுதான். ஆனால் அவள் முன்னால் யாரும் மண்டியிடவில்லை. அவளும் கிரீடம் வைத்து உட்கார்ந்திருக்கிறாள், கைகள் இரண்டும் விரிந்திருக்கின்றன, நெஞ்சை எதுவும் மறைக்கவில்லை. ஆகவே நீ செய்ய வேண்டியது கணக்குப் பேச்சு. ஒரு தாளில் இரண்டு பேர் சம்பளம், வீட்டுக் கடன், கார், பள்ளி பஸ், மளிகை எல்லாம் எழுது. என் பங்கு இவ்வளவு, சம்பள நாளன்றே வீட்டுக் கணக்கில் போடுகிறேன், கார்டு என்னிடம் இருக்கட்டும் என்று சொல். மூன்று சம்பள நாள் கவனி. பயத்தால் பிடிப்பவர் முதல் மாதம் தவிப்பார், காசு சொன்ன நாளில் வந்து விழ விழ மெல்ல இறங்குவார். அதிகாரத்துக்காகப் பிடிப்பவருக்குக் கணக்கு சரியாக இருந்தாலும் கோபம் வரும், யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்பார், உன் போனை வாங்கிப் பார்ப்பார். உன் விரிப்பு பயத்தின் பக்கம் சாய்கிறது. ஆனாலும் முடிவு சொல்ல வேண்டியது அந்த மூன்று மாதம்.

"அம்மா, இது நல்ல சீட்டு. உடைமைக்கு உறுதி, பரிசு, பரம்பரைச் சொத்து என்றுதான் கட்டை உருவாக்கிய வெயிட் எழுதியிருக்கிறார். சிக்கனமான ஆம்பளையைக் குற்றவாளி ஆக்காதீர்கள். துண்டாடல் காலத்தில் பிடித்து வைத்தவன்தான் பிழைத்தான்." (ஓய்வுபெற்ற தண்டல்)

ஐயா, வெயிட் எழுதியது நீங்கள் சொன்னதேதான், நான் மறுக்கவில்லை. வேலை, சொத்து பற்றிய கேள்வியில் இந்தச் சீட்டு வந்தால் நானும் நல்லதென்றே சொல்வேன். துண்டாடலையும் என் அப்பா வாயால் கேட்டு வளர்ந்தவள் நான். வெள்ளைக்காரன் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது வேலையும் லயமும் ஒரே நாளில் போனது. இந்த ஊர்க்காரர் சம்பந்தன் 1960இல் நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியதே அதனால்தான். ஆனால் அதே உதாரணத்தைக் கொஞ்சம் பாருங்கள். பால்மரம் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாக ஒன்றாகப் போட்டுத்தான் தோட்டம் வாங்கினார்கள். தனித்தனியாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தால் ஒரு ஏக்கரும் வந்திருக்காது. கேட்ட தங்கச்சி துணையைப் பற்றிக் கேட்டாள், அவள் சம்பளமும் அந்தக் கைக்குள் இருக்கிறது. தன் காசைப் பிடிப்பது சிக்கனம். அவள் காசைப் பிடிப்பதற்கு நான் அந்தப் பெயர் வைக்கமாட்டேன்.

"அந்த ஐயாவுக்கு நான் சொல்கிறேன் அக்கா. எங்கள் அப்பாவும் சேமிப்பு சேமிப்பு என்றார். அம்மா ஒரு சேலைக்கு மூன்று தீபாவளி கேட்டார். அப்பா போன பிறகு பார்த்தால் வங்கியில் அவ்வளவு பணம்." (கிளினிக்கில் வேலை செய்பவர்)

"சேலை இல்லை, சரி. அந்தப் பணத்தில் படித்தது யார் மகளே?" (அதே ஐயா)

"நான்தான். அதனால்தான் எனக்கு இன்னும் கோபம்." (அதே பெண்)

இரண்டு பேரையும் நான் நிறுத்தப் போவதில்லை. இருபது வருடமாக இந்தச் சீட்டை வாசிக்கிறேன், நீங்கள் இருவர் சொன்னதும் ஒரே ஆளைப் பற்றியதாக இருக்கலாம் என்பதுதான் எனக்கு இதில் கடினம். தோத் என்ற இன்னொரு கட்டில் இதே சீட்டின் பெயர் பவர், படத்தில் நாலு மூலையிலும் கோபுரம் வைத்த கோட்டை. கோட்டைக்குள் இருப்பவருக்குப் பாதுகாப்பு. வாசல் சாவி யாரிடம் என்பதைப் பொறுத்து அதுவே சிறை. ஐயா கோட்டையைப் பார்க்கிறார், மகள் சாவியைப் பார்க்கிறாள்.

"தலைகீழாக வந்தது. மனம் திறந்துவிடுவார் என்று எடுத்துக்கொள்ளலாமா?" (ஒரு தங்கை, தாசேக்)

அவசரப்படாதே. இன்று பலர் தலைகீழ் என்றால் கை தளர்கிறது என்று வாசிக்கிறார்கள், பழைய பொருள் தாமதம், இழுபறி, எதிர்ப்பு. கவிழ்த்துப் பிடித்தால் காசு விழும் என்பது உண்மை, ஆனால் விழப்போகிறது என்று தெரிந்தவன் இன்னும் இறுக்கவும் செய்வான். பக்கத்தில் ஏஸ் ஆஃப் கப்ஸோ சிக்ஸ் ஆஃப் கப்ஸோ வந்திருந்தால் தளர்வு என்பேன். டவர் வந்திருந்தால் இறுக்கம். பக்கத்துச் சீட்டைச் சொல்லாமல் கேட்டிருக்கிறாய்.

"இது மகர ராசிச் சீட்டு அக்கா, நாலு என்பதால் எம்பரரும் இதுவும் ஒன்று. என் ஆளும் மகரம். அப்படியானால் உறுதிதானே?" (கல்லூரித் தம்பி)

பாதி சரி தம்பி. கோல்டன் டான் என்ற மறைஞானச் சங்கத்தின் முறையில் இது மகரத்தின் மூன்றாவது பத்துப் பாகை, அதில் சூரியன். எம்பரரோடு எண்ணும் ஒன்று. ஆனால் எம்பரர் எல்லாருக்கும் சட்டம் போட்டு ஆள்பவர், இவர் தன் மடியை மட்டும் காக்கிறவர். பிறந்த ராசிக்கும் சீட்டுக்கும் முடிச்சுப் போடாதே, ரிஷபக்காரருக்கும் இதே சீட்டு வருகிறது.

"மாறுவாரா?" (மூன்று பேர்)

லிந்தாங் தங்கச்சிக்கு எழுதியதைப் படியுங்கள்.

"நேற்று காசு நாலு, இன்று காலை டூ ஆஃப் கப்ஸ், மதியம் மறுபடி காசு நாலு. எதை நம்புவது?"

நேற்றையதை. மேலே சொல்லியிருந்தேன், ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்ப எடுக்காதீர்கள். பதில் பிடிக்காமல் எடுத்துக்கொண்டே இருப்பதும் விடாமல் பிடிப்பதுதான்.

"நிலம் வாங்கலாமா, இதே சீட்டுதான் வந்தது."

வழக்கறிஞரிடம் கிராண்ட்டைக் காட்டுங்கள்.

"எனக்கு காசு நாலு, டெவில், எய்ட் ஆஃப் ஸ்வோர்ட்ஸ். ஐசி, ஏடிஎம், போன் எல்லாம் அவரிடம். அம்மா வீட்டுக்குப் போகவும் விடுவதில்லை. தள்ளியும் விட்டார். அக்கா பேர் போடாதீர்கள்."

இதற்கு நான் சீட்டு வாசிக்கமாட்டேன். தள்ளியது அடி. ஐசியை எடுத்து வைத்து, போகவிடாமல் செய்வது சீட்டு பார்த்துப் பொருள் சொல்கிற விஷயம் கிடையாது. 15999, தாலியான் காசே, எந்த நேரமும் எடுப்பார்கள். அவர் போனைப் பார்க்கிறார் என்றால் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கூப்பிடு. 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது, போலீசில் ரிப்போட் செய்து பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம், சமூக நல இலாகா அதற்கு உதவும். கணக்குப் பேச்சு பேசச் சொன்னேனே, அது உனக்கு இல்லை, அவரிடம் எதையும் பேசிப் பார்க்காதே. இதைப் படித்ததும் அழித்துவிடு. எனக்குத் தனியாக எழுது, விடிய விடிய முழித்திருப்பேன்.

"நான்தான் அந்த ஆள் போலிருக்கிறது. என் மனைவி என்னைப் பற்றி எடுத்த சீட்டு இது, மேசையில் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். கத்தமாட்டேன், அடித்ததில்லை. ஆனால் எதையும் சொல்லவும் மாட்டேன். எங்கே தொடங்குவது?" (லோரி ஓட்டுபவர்)

அண்ணே, நெஞ்சில் இருப்பதிலிருந்து தொடங்காதீர்கள். அன்பாகப் பேசு என்று உங்களிடம் எல்லாரும் சொல்லியிருப்பார்கள், அதுதான் கடைசியில் வரும். காலடிக் காசிலிருந்து தொடங்குங்கள், யாருக்கும் தெரியாமல் மிதித்து வைத்திருப்பது அது. ஈபிஎஃப்பில் எவ்வளவு, ஏஎஸ்எம்மில் எவ்வளவு, யாருக்காவது கடன் கொடுத்திருக்கிறீர்களா, அவருக்குத் தெரியுமா? ஒரு எண்ணைச் சொல்லுங்கள், ஒன்றே ஒன்று. சொன்ன பிறகு அவர் அதை வைத்து எதுவும் கேட்கவில்லை என்று பார்க்கும்போது ஒரு கால் எழும். தலைக்காசு அடுத்தது, எல்லாம் நான்தான் முடிவு செய்ய வேண்டும் என்ற நினைப்பு. இந்த மாத மளிகையை அவரிடம் விட்டுவிட்டு விலை கேட்காமல் இருந்து பாருங்கள், உங்களுக்கு அது கஷ்டமாக இருக்கும். இரண்டும் நடந்தால் கை தானாக இறங்கும் என்று சத்தியம் செய்யமாட்டேன், சிலருக்கு இறங்கியிருக்கிறது.

சீட்டை மேசையிலேயே விடுங்கள். காலையில் அவர் வந்து பார்க்கும்போது பக்கத்தில் அந்த எண்ணை எழுதிய தாள் இருக்கட்டும்.