விபிஎன் போட்டா நெட் ஏன் ஸ்லோ ஆகுது?

"விபிஎன் ஆன் பண்ணதும் நெட் படுத்துக்குது, என்ன பண்ணலாம்?"

விபிஎன்னா, உங்க டேட்டாவ பூட்டுப் போட்டு வேறொரு சர்வர் வழியா அனுப்புறது, அவ்ளோதான். ஸ்லோ ஆகுறதுக்கு முக்கிய காரணம் அந்தச் சுத்து. தாம்பரத்துல இருந்து கிண்டிக்கு மதுரை வழியா போனா எப்படி இருக்கும், அதேதான். சென்னையில உக்காந்து நியூயார்க் சர்வர் போட்டா ஒருவழிக்கே 13,000 கிலோமீட்டருக்கு மேல, ஃபைபர்ல ஒளி செகண்டுக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும், அதனால போயிட்டு வரவே குறைஞ்சது 130 மில்லிசெகண்ட், நிஜத்துல இன்னும் அதிகம். சிங்கப்பூர் போட்டா சுமார் 3,000 கிலோமீட்டர்தான், 30 மில்லிசெகண்ட்ல இருந்தே ஆரம்பிக்கும், வீடியோ கால்ல வித்தியாசம் உடனே தெரியும்.

பக்கத்து சர்வர் போட்டும் இழுக்குதா? செட்டிங்ஸ்ல புரோட்டோகால், அதாவது டேட்டா எந்த முறையில போகுதுன்னு பாருங்க. OpenVPN (TCP)னு இருந்தா, வழியில டேட்டாவோட ஒரு சின்னத் துண்டு, அதாவது ஒரு பாக்கெட் தொலைஞ்சாலும் அது திரும்ப வர்ற வரைக்கும் பின்னாடி இருக்கிறதெல்லாம் காத்துக் கிடக்கும், வைஃபை வீக்கா இருக்கிற வீட்ல இது பெரிய தொல்லை. WireGuardனு இன்னொரு புரோட்டோகால் இருக்கு, அது அப்படி நிக்காது, பூட்டுற வேலையும் அதுல லேசு, பழைய மொபைல்ல நல்லாவே தெரியும். என்ன, சில ஆபீஸ் நெட்ல அத பிளாக் பண்ணி வெச்சிருப்பாங்க, அங்க TCPதான் கதி.

அப்புறம், காசு கட்டி விபிஎன் வாங்குனா ஸ்பீடு ஏறும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, உங்க நெட் கம்பெனி ஏதாவது ஒரு சைட்ட மட்டும் வேணும்னே மெதுவாக்கி வெச்சிருந்தாலோ இல்ல சுத்து வழியில அனுப்பினாலோ ஒழிய அப்படி ஏறாது.