தூங்கும் இ-ரீடரில் சார்ஜ் குறைவது ஏன்?

கேள்வி: ராத்திரி 80 சதவீதத்தில் மூடி வைக்கிறேன், காலையில் 70க்குக் கீழே நிற்கிறது. பேட்டரி போய்விட்டதா, வேறு ஏதாவதா?

என்னுடையதும் போன ஜூன் மழையில் இப்படித்தான் செய்தது. ஊர் கொழிஞ்சாம்பாறை. காற்று பலமாக அடித்தால் கரண்ட் போகும், கூடவே ரூட்டரும் அணைந்துவிடும். ஒருநாள் இரவு பத்து மணிக்கு 82 இருந்தது, காலை ஆறுக்கு 69. மறுநாள் ஏர்பிளேன் மோடில் போட்டுவிட்டுப் படுத்தேன். 69 இருந்தது 68 ஆனது, அவ்வளவுதான். பேட்டரி மேல் இருந்த சந்தேகம் அப்போதே போய்விட்டது.

இ-இங்க் திரையில் ஒரு படம் அப்படியே நிற்க மின்சாரம் தேவையில்லை. அதனால் தூக்கத்தில் சார்ஜ் குறைந்தால் உள்ளே வேறு ஏதோ விழித்திருக்கிறது என்று அர்த்தம். என் வீட்டில் அது வைஃபை. ரூட்டர் அணைந்த பிறகும் கருவி அதைத் தேடிக்கொண்டே இருந்திருக்கிறது. நீங்களும் ஒரு இரவு ஏர்பிளேன் மோடிலும் ஒரு இரவு அது இல்லாமலும் வைத்து, இரண்டு எண்ணையும் எழுதி வையுங்கள். புதுப் புத்தகங்களை ஏற்றிய அன்று மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். தேடலுக்காக உள்ளே அட்டவணை போட்டுக்கொண்டிருக்கும், அதுவே சார்ஜைக் குடித்துவிடும்.

சரி, வைஃபையை அணைத்த பிறகும் பொள்ளாச்சிக்கு வேலைக்குப் போய்வரும் நாளில் மட்டும் 68 இருந்தது 60 ஆனது. பையிலிருந்து எடுத்தால் 40ஆம் பக்கத்தில் விட்டது 57இல் நின்றது! காரணம் உறைதான். உறையில் ஒரு சின்னக் காந்தம் இருக்கும், கருவிக்குள் அதை உணரும் சென்சார் இருக்கும். பழைய உறை தளர்ந்து, பஸ் குலுங்கும்போதெல்லாம் விலகி மூடியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் திரை விழித்து, விளக்கு எரிந்து, துணி உரசிப் பக்கம் புரண்டிருக்கிறது. உறையைக் கழற்றி, பவர் பட்டனால் தூங்க வைத்துக் கொண்டுபோனதும் நின்றுவிட்டது. அமைப்புகளில் உறை திறந்தால் விழிப்பதை அணைக்க வழி இருந்தால் அதுவே போதும். காந்தப் பூட்டு வைத்த கைப்பையும் இப்படிக் கருவியை எழுப்பிவிடும்.

கடைசியாக ஃபர்ம்வேர், அதாவது கருவியை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள். கருவி பற்றிய பக்கத்தில் பதிப்பு எண் இருக்கும், தயாரிப்பாளரின் தளத்தில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். ரொம்பப் பழையது என்றால் சரியாகத் தூங்காத பிழை அதிலேயே இருக்கலாம். சார்ஜரில் செருகிவிட்டுப் புதுப்பியுங்கள், பாதியில் கரண்ட் போனாலும் பேட்டரி தாங்கும்படி. புதுப்பித்த முதல் இரவின் எண்ணை நம்ப வேண்டாம், இரண்டாம் இரவைப் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும், ஏர்பிளேன் மோடில் உறையில்லாமல் வைத்தும் தினமும் ஐந்தாறு சதவீதம் குறைந்தால், அல்லது 40இலிருந்து ஒரே தாவாக 15க்கு விழுந்தால், பேட்டரிக்கு வயதாகிவிட்டது.