ஜேடைட்டா நெஃப்ரைட்டா, சாயமா பிசினா: பச்சை ஜேட் கேள்வி-பதில்

ஜேட் பத்தி வந்த கேள்விங்கள்ல ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் சேர்த்து இங்க பதில் போட்டிருக்கேன். ஒவ்வொரு பதிலும் அடுத்த பதிலுக்கு உதவும், அதனால வரிசையாவே படிங்க.

கேள்வி: ஜேடைட், நெஃப்ரைட் ரெண்டையும் ஜேட்னுதான் சொல்றாங்க. ஒண்ணு ஒரிஜினல், இன்னொண்ணு டூப்ளிகேட்டா சார்?

இல்லைங்க, ரெண்டுமே ஒரிஜினல்தான், ஆனா ரெண்டும் வேற வேற கல். 1863-ல டாமூர்னு ஒரு பிரெஞ்சு ஆய்வாளர்தான் ஒரே பேர்ல ரெண்டு கனிமம் ஓடிட்டு இருக்குன்னு பிரிச்சுக் காட்டினார். நெஃப்ரைட் உள்ள மெல்லிசான நாருங்க பின்னிப் பிணைஞ்சு கம்பளி மாதிரி இருக்கும், அதனால அடிச்சாலும் சுலபமா உடையாது. ஜேடைட் உள்ள குட்டிக் குட்டி மணிங்க ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு இருக்கும். இந்த மணிங்களுக்கு நடுவுல இருக்கிற இடுக்கை மனசுல வெச்சுக்கோங்க, சாயமும் பிசினும் புகுந்துக்கறது அங்கதான்.

நிறத்தை வெச்சு உத்தேசமாத்தான் சொல்ல முடியும். பளிச்னு மரகதப் பச்சைன்னா அது குரோமியத்தால வந்த ஜேடைட்டா இருக்க வாய்ப்பு அதிகம். நெஃப்ரைட் பச்சை பெரும்பாலும் இரும்பால வர்றது, கீரையை வேகவெச்ச மாதிரி கொஞ்சம் மங்கலா இருக்கும், சிலதுல கறுப்புப் புள்ளிங்களும் இருக்கும். ஆனா பளிச்னு பச்சையா நெஃப்ரைட்டும் உண்டு, அதனால கண்ணை மட்டும் நம்பாதீங்க.

கேள்வி: வீட்லயே எது எதுன்னு கண்டுபிடிக்க முடியுமா? கண்ணாடியில கீறிப் பார்க்கச் சொல்றாங்க, கன்னத்துல வெச்சா ஜில்லுனு இருக்கணும்னும் சொல்றாங்க.

ரெண்டையும் விட்டுடுங்க. ஜேடைட், நெஃப்ரைட், சாயம் போட்ட குவார்ட்ஸ் எல்லாமே கண்ணாடியைக் கீறும், பாலிமர்ங்கற பிசின் ஏத்தின ஜேடைட்டும் கீறும், ஏன்னா அடியில இருக்கிறது ஜேடைட்தானே. ஜில்லுனு இருக்கறது குவார்ட்ஸுக்கும் உண்டு, சாதாக் கண்ணாடி கூட தொட்டா ஜில்லுனுதான் இருக்கும்.

உருப்படியான சோதனை எடை போடறதுதான். 0.01 கிராம் வரைக்கும் காட்டற டிஜிட்டல் தராசு வேணும். முதல்ல கல்லை அப்படியே எடை போட்டு எழுதி வெச்சுக்கோங்க. அப்புறம் தராசு மேல ஒரு டம்ளர் தண்ணி வெச்சு ஜீரோ பண்ணிட்டு, கல்லை மெல்லிசு நூல்ல கட்டி, முழுசா முங்கணும் ஆனா அடியையோ சுவரையோ தொடக்கூடாது, அப்படித் தொங்கவிடுங்க. இப்போ தராசு காட்டற நம்பரால முதல் எடையை வகுத்தா கல்லோட அடர்த்தி வந்துடும். ஜேடைட்னா 3.34 பக்கம் வரும், நெஃப்ரைட்னா 2.95 பக்கம், குவார்ட்ஸ்னா 2.65 பக்கம். தங்கத்துல பதிச்ச கல்லுக்கு இது ஆகாது. மோதிரக்கல் மாதிரி ஒரு கிராம் கல்லுக்கு இந்தத் தராசு பத்தாது, ஒரு சின்னத் தப்பு கூட விடையைப் பெருசா மாத்திடும். வளையலுக்கு நல்லா வேலை செய்யும்.

கேள்வி: என் பச்சை வளையலை நீங்க சொன்ன மாதிரியே பார்த்தேன். எடை 52.4 கிராம், தண்ணில தொங்கவிட்டா 16.2 காட்டுது. வித்தவர் பர்மா ஜேடைட்னு சொன்னார். நம்பலாமா?

52.4-ஐ 16.2-ஆல வகுத்தா 3.23 வருது. நெஃப்ரைட், குவார்ட்ஸ் ரெண்டும் இந்த நம்பர்ல கண்டிப்பா வராது, ஆனா சுத்தமான ஜேடைட்டுக்கும் கொஞ்சம் கம்மி. முதல்ல கல்லுல காத்துக்குமிழி ஒட்டியிருந்ததான்னு பாருங்க, ஒட்டியிருந்தா அடர்த்தி கம்மியாத்தான் காட்டும். தண்ணில ஒரு சொட்டு பாத்திரம் கழுவற லிக்விட் விட்டு, கல்லைக் கொஞ்சம் ஆட்டிட்டு, மூணு தடவை பாருங்க. 15.7 பக்கம் வந்தா 3.34, பிரச்சனை முதல் தடவை அளந்ததுலதான். மூணு தடவையும் 16.2-ன்னா உள்ள கல்லை விட லேசான ஏதோ இருக்குன்னு நான் சந்தேகப்படுவேன், அது பெரும்பாலும் பாலிமர்தான்.

இப்போ பத்து மடங்கு பெருசாக் காட்டற லூப் எடுங்க, பளபளப்புல லைட் பட்டு பிரதிபலிக்கிற மாதிரி சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க. சுத்தமான ஜேடைட்ல பாலிஷ் மேல லேசா ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடுபள்ளம் தெரியலாம், அது சகஜம். பாலிமர் ஏத்தறதுக்கு முன்னாடி ஆசிட்ல ஊறவெச்ச கல்லுல ஒவ்வொரு மணியைச் சுத்தியும் மெல்லிசுக் கோடு போட்டு சிலந்திவலை மாதிரி தெரியும். அப்புறம் இருட்டுல யூவி டார்ச் அடிங்க, வளையல் முழுக்க வெள்ளையும் நீலமும் கலந்து ஒளிர்ந்தா சந்தேகம் பலமாகுது. ஒளிரலைன்னா தப்பிச்சோம்னு அர்த்தமில்லை, ஒளிராத பாலிமரும் உண்டு, கடைசியா பூசற மெழுகே லேசா ஒளிரவும் செய்யும். நூல்ல தொங்கவிட்டு இன்னொரு கல்லால மெதுவா தட்டினா நல்ல ஜேடைட் கணீர்னு கேக்கும், பாலிமர் ஏத்தினது மொத்துன்னு கேக்கும். ஆனா விரிசல் விட்ட நல்ல கல்லும் மொத்துன்னுதான் கேக்கும், அதனால இதை மட்டும் வெச்சு யார்கூடயும் சண்டைக்குப் போகாதீங்க.

கேள்வி: சாயம் போட்டதை எப்படிப் பார்க்கறது?

பாலிமரை விட இது சுலபம்ங்க. பின்னாடி டார்ச் அடிச்சு லூப்ல பாருங்க. இயற்கைப் பச்சை கல்லோட மணிங்களுக்குள்ளயே இருக்கும், ஓரம் மெல்ல மெல்ல வெளிறும். சாயம் மணிங்களுக்கு இடையில, விரிசல்ல தேங்கி நிக்கும், இலை நரம்பு மாதிரி வலை வலையா தெரியும், நடுவுல மணிங்க வெளுத்துப்போய் இருக்கும். ஒளியை நிறம் நிறமா பிரிச்சுக் காட்டற சின்ன கைக்கடக்க ஸ்பெக்ட்ராஸ்கோப் இருந்தா இன்னும் தெளிவு, குரோமியப் பச்சையில சிவப்புப் பகுதியில படி படியா மூணு கறுப்புக் கோடு தெரியும், பெரும்பாலான சாயத்துல 650 நானோமீட்டர் பக்கம் பட்டையா ஒரே ஒரு கறைதான் இருக்கும். செல்சி ஃபில்டர்ங்கற நிறக் கண்ணாடி வழியா பார்த்து சிவப்பா தெரிஞ்சா சாயம்னு ஒரு பேச்சு உண்டு, அது பழைய சில சாயத்துக்குத்தான் சரி, பச்சையாவே தெரியற சாயமும் இருக்கு.

நெஃப்ரைட்ல நாருங்க நெருக்கமா இருக்கறதால சாயமோ பிசினோ அவ்வளவு சுலபமா உள்ள போகாது, இந்தத் தொல்லை பெரும்பாலும் ஜேடைட்டுக்குத்தான்.

கேள்வி: ஏ, பி, சி கிரேடுனு சொல்றாங்களே, என்னோடது பி கிரேடுன்னா ரெண்டாந்தரமா?

அது தரமே இல்லைங்க, அங்கதான் நிறைய பேர் ஏமாறாங்க. ஏ-ன்னா மெழுகு தவிர எதுவும் செய்யாதது. பி-ன்னா ஆசிட்ல ஊறவெச்சு பழுப்புக் கறையை எடுத்து, அதனால உண்டான இடுக்குல பாலிமரை ஏத்தினது, 1980-கள்ல இருந்து இது நிறைய வருது. சி-ன்னா சாயம், ரெண்டும் செஞ்சா பி பிளஸ் சி. நிறம் மட்டமான ஏ-யும் உண்டு, பார்க்க அட்டகாசமா இருக்கிற பி-யும் உண்டு. ஆனா பி கல் ஆசிட்ல ஊறினதால உள்ளுக்குள்ள பலவீனமாயிருக்கும், நாளாக ஆக பாலிமர் மஞ்சளாகலாம். சூடு, அல்ட்ராசானிக் கிளீனிங் ரெண்டும் ஆகாது.

கேள்வி: சர்ட்டிஃபிகேட்ல ஜேடைட்னு போட்டிருக்கு, போதுமா?

போதாது. பாலிமர் ஏத்தினதும் ஜேடைட்தானே, பேர் அங்க சரிதான். ட்ரீட்மென்ட்னு தனி வரி இருக்கும், அதைப் படிங்க, அந்த வரியே இல்லைன்னா லேப்கிட்ட கேளுங்க. பாலிமரை உறுதியா சொல்ல இன்ஃப்ராரெட் டெஸ்ட்தான் வேணும். அதோட வரைபடத்துல மெழுகும் பாலிமரும் 2900 அலை எண் பக்கம் ஒரே மாதிரி குழப்பும், ஆனா வழக்கமா போடற எபாக்ஸியா இருந்தா 3000-ஐத் தாண்டி 3035, 3058 பக்கம் சின்னச் சின்ன உச்சி தெரியும், மெழுகுல அது வராது. அதனால லேப்ல கொடுக்கறப்போ "இன்ஃப்ராரெட் பார்த்தீங்களா"ன்னு கேட்டுட்டு கொடுங்க.