காந்திமதியின் K, இசக்கிமுத்துவின் E

அண்ணாச்சி, நேற்று நீங்கள் கொடுத்துவிட்டுப் போன ஜெராக்ஸ் கட்டை ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மகளுக்கு ரயில்வே வேலைக்கு விண்ணப்பம் போடும்போது பெயர் ஒத்துப்போகவில்லை என்று வந்ததும், கெஜட்டில் பெயர் மாற்றிவிடலாம் என்று யாரோ சொன்னார்கள் என்றீர்களே, அதற்கு அவசரப்பட வேண்டாம். உங்கள் மகள் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. அவளுக்குப் பெயர் ஒன்றுதான், அதை இங்கிலீஷில் எழுதியவர்கள்தான் பலர்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் இரண்டிலும் `KANTHIMATHI E` என்று இருக்கிறது. கல்லூரி செமஸ்டர் மார்க் ஷீட்டிலும் அப்படியே. ஆதாரில் `Gandhimathi I`. வங்கி பாஸ்புக் ஆதாரைப் பார்த்துப் போட்டது, அதனால் அதிலும் G. தமிழில் ‘கா’ என்று ஒரே எழுத்தாக எழுதிவிடுகிறோம். அதை K என்று ஒருவர் எழுதுவார், G என்று இன்னொருவர் எழுதுவார். நம் ஊர்ப் பெயர்களில் இது ரொம்பவே உண்டு. பேச்சியம்மாளுக்கு `Petchiammal`, `Pechiammal` என்று ஒரே வீட்டுக்குள் இரண்டு பார்த்திருக்கிறேன்.

எதை வைத்து எதைத் திருத்துவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். வேலைக்கும் தேர்வுக்கும் அடிப்படை பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். யூபிஎஸ்சி, ரயில்வே தேர்வு எல்லாமே பெயரையும் பிறந்த தேதியையும் அதில் உள்ளபடிதான் கேட்கின்றன. ஆதாரும் அதோடு ஒத்துப்போக வேண்டும் என்று ரயில்வே அறிவிப்பிலேயே சொல்கிறார்கள். காந்திமதிக்குப் படிப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரே மாதிரி இருப்பது நல்ல விஷயம். அவற்றைத் தொடவே வேண்டாம். ஆதாரை மட்டும் அதன் பக்கம் கொண்டுவந்தால் போதும்.

ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு தடவைதான் மாற்றலாம். இதை நினைவில் வைத்துக்கொண்டு மையத்துக்குப் போங்கள். ஒரு தடவை தப்பாகப் பதிந்துவிட்டால் மிச்சம் ஒன்றுதான். நாளைக்குக் கல்யாணம் ஆகி இனிஷியல் மாற்ற நினைத்தால் அந்த ஒன்றும் போய்விடும். போட்டோ உள்ள மதிப்பெண் பட்டியலின் ஒரிஜினலை எடுத்துப் போகச் சொல்லுங்கள். பெயருக்கு எந்தெந்த ஆவணத்தை ஏற்பார்கள் என்ற பட்டியல் ஆதார் இணையதளத்தில் இருக்கிறது, முந்தின நாளே பார்த்துக்கொள்ளட்டும்.

அங்கே அவள் கவனிக்க வேண்டியது கம்ப்யூட்டர் திரையை. இங்கிலீஷில் பெயரை அடித்ததும் பக்கத்தில் தமிழ் தானாக வந்து விழும். `Kanthimathi` என்று அடித்தால் ‘கந்திமதி’ என்று வரலாம், கால் விட்டுப் போயிருக்கும். பதிபவர் அவசரத்தில் அதைப் பார்க்காமல் விட்டுவிடுவார். “அண்ணே, தமிழையும் சரிபண்ணுங்க” என்று அவள்தான் சொல்ல வேண்டும். ஒப்புகைச் சீட்டு கைக்கு வந்ததும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், மதிப்பெண் பட்டியலைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்க்கட்டும். K-க்கு அப்புறம் A ஒன்றா இரண்டா, `TH` இருக்கிறதா, இனிஷியல் முன்னாலா பின்னாலா, எல்லாம். திருத்தம் ஏறுவதற்குச் சில வாரமும் ஆகலாம், அதனால் தேர்வு அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இனி உங்கள் பெயர் விஷயம். மகள் பெயரில் K-யா G-யா என்பது பார்த்ததும் தெரிந்துவிடும். இனிஷியல்தான் கண்ணில் படாமல் இருந்துகொண்டு பின்னால் கஷ்டம் கொடுக்கும். நீங்கள் இசக்கிமுத்து. நம் பக்கம் இசக்கியைப் பெரும்பாலும் `Esakki` என்றுதான் எழுதுகிறோம், பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் E போட்டிருக்கிறார்கள். உங்கள் ஆதாரில் `Isakkimuthu` என்று இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் மகள் ஆதாரில் I ஏறியிருக்க வேண்டும். ‘இ. காந்திமதி’ என்று தமிழில் எழுதும்வரை இது யாருக்கும் தெரியவே தெரியாது.

தெரியப்போவது பான் கார்டு வாங்கும்போது. பான் விண்ணப்பத்தில் கடைசிப் பெயருக்கான கட்டத்தில் ஓரெழுத்து இனிஷியலை ஏற்க மாட்டார்கள், விரித்து எழுத வேண்டும். அங்கே `Isakkimuthu` என்று போட்டால், மார்க் ஷீட்டில் உள்ள E எதைக் குறிக்கிறது என்று கேள்வி வரும். பாஸ்போர்ட்டுக்கும் இதே கதைதான். அதனால் E-யை எப்போது விரித்தாலும் `Esakkimuthu` என்றே விரிய வேண்டும். உங்கள் ஆதாரையும் இதே சமயத்தில் அப்படித் திருத்திவிடுவது நல்லது. உங்களிடம் வேறு எந்த ஆவணத்தில் E இருக்கிறது என்று தேடிப் பாருங்கள், அதுதான் உங்களுக்குச் சான்று.

அவள் இன்னும் பான் எடுக்கவில்லை என்பது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. ஆதார் திருந்திய பிறகே பான் எடுக்கட்டும். அப்புறம் வங்கி. வேலையில் சேர்ந்ததும் பிஎஃப் கணக்கு ஆதாரில் உள்ள பெயரில்தான் திறக்கும். இந்த வரிசையை மாற்றிச் செய்தால் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை திருத்த வேண்டியிருக்கும். என்னிடம் வந்த ஒரு பையன் முதலில் பானை எடுத்துவிட்டான், ஆதாரை அப்புறம் மாற்றினான். இரண்டையும் இணைக்கப் போனால் பெயர் பொருந்தவில்லை, மறுபடி பான் திருத்தத்துக்கு விண்ணப்பம் போட்டான்.

இதற்குள் நேர்காணலோ சான்றிதழ் சரிபார்ப்போ வந்துவிட்டால், இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிக்கும் என்று நோட்டரி முன்னால் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்த ஆவணத்தில் எந்த எழுத்து என்று ஒவ்வொன்றாக அதில் வர வேண்டும், பொத்தாம்பொதுவாக எழுதினால் பிரயோஜனம் இல்லை. ஆனால் அதை எல்லா இடத்திலும் ஏற்பார்கள் என்று நம்பி ஆதாரை அப்படியே விட்டுவிடக் கூடாது. ஆதார் திருந்திய பிறகு, பழைய பெயரும் புதிய பெயரும் சேர்ந்து தெரியும் திருத்த வரலாற்றை ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். பழைய பாஸ்புக்கைக் காட்டும்போது அது கைகொடுக்கும்.

கெஜட் யாருக்கு என்றால், நிஜமாகவே வேறு பெயர் வைத்துக்கொள்கிறவர்களுக்கு. எண் கணிதம் பார்த்து ஓர் எழுத்து கூட்டலாமா என்று உங்கள் வீட்டம்மா கேட்டார்களே, அதைச் செய்தால் கெஜட் வரைக்கும் போக வேண்டிவரும். கெஜட்டில் போட்டதாலேயே பழைய மதிப்பெண் பட்டியலில் எழுத்து மாறிவிடாது. ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் அந்தக் கெஜட் நகலை ஆயுள் முழுக்க இணைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அம்மாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

ரெஸ்யூமிலும் வேலை தேடும் தளங்களிலும் `Kanthimathi E` என்றே போடச் சொல்லுங்கள். ஈமெயிலில் `gandhimathi` என்று இருப்பது பரவாயில்லை, முகவரிதானே.

சின்னவன் இப்போது ஒன்பதாவது என்றீர்கள். அடுத்த வருஷம் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் தயார் செய்யும்போது பள்ளியில் ஒரு தாளைக் காட்டிக் கையெழுத்து கேட்பார்கள். அவனையே போட்டுவிடச் சொல்லாமல் நீங்கள் நேரில் போங்கள். அந்தத் தாளில் உள்ள எழுத்துதான் மதிப்பெண் பட்டியலில் அச்சாகும். அங்கே தவறு இருந்தால் தலைமையாசிரியரே அப்போதே திருத்திக் கொடுத்துவிடலாம். அச்சான பிறகென்றால் பள்ளி வழியாகச் சென்னையில் உள்ள அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை விண்ணப்பம் போக வேண்டும். அக்காவுக்கு E, தம்பிக்கு I என்று ஆகிவிடாமல் அந்தத் தாளில் அவனுடைய இனிஷியலையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆதார் ஒப்புகைச் சீட்டு வந்ததும் காந்திமதியை அதை எடுத்துக்கொண்டு என்னிடம் ஒரு நடை வரச் சொல்லுங்கள் அண்ணாச்சி, நானும் ஒரு தடவை ஒத்துப் பார்க்கிறேன்.